பி/இ 6 என்றால் மலிவா? ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவின் பங்குக் கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நான் படித்த பி.இ. பற்றிய பதிவு இல்லை. பங்குச்சந்தை ஆப்பில் எந்தக் கம்பெனியின் பெயரைத் தட்டினாலும் விலைக்குப் பக்கத்தில் ஒரு எண் வருமே, அந்த பி/இ பற்றியது. ஒரு பங்கின் விலையை, அந்தப் பங்குக்கு ஓராண்டில் கிடைத்த லாபத்தால் வகுத்தால் வருவது. அவ்வளவுதான், நாலாம் வகுப்புக் கணக்கு. ஆனால் இந்தச் சின்ன வகுத்தலில் நிறைய பேர் பணத்தை விட்டிருக்கிறார்கள். எப்படி என்று பார்க்க, நம் பக்கத்துக் கதை ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம்.

வல்லக்கோட்டை முருகன் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொஞ்ச தூரம் போனால் பெங்களூரு நெடுஞ்சாலை வந்துவிடும். அந்த நெடுஞ்சாலையை ஒட்டிய சிப்காட்டில்தான் நோக்கியாவின் கைபேசித் தொழிற்சாலை இருந்தது. 2005-ல் தமிழக அரசுடன் ஒப்பந்தம், 2006 தொடக்கத்தில் உற்பத்தி, 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நிறுத்தம். தொழிற்சாலையின் கதை பலருக்கும் தெரியும். அதே ஆண்டுகளில் அந்தக் கம்பெனியின் பங்குக்கு என்ன நடந்தது என்பது இங்கே அதிகம் பேசப்படாத கதை. நோக்கியா பங்கு நம் சந்தைகளில் பட்டியலிடப்பட்டதில்லை. ஹெல்சிங்கி, நியூயார்க் போன்ற வெளிநாட்டுச் சந்தைகளில்தான் வர்த்தகமானது. அப்புறம் எதற்கு இந்த உதாரணம்? இரண்டு காரணம். அதன் ஆண்டுக் கணக்குகள் முழுக்கப் பொதுவில் இருக்கின்றன, தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடரலாம். அதோடு, பி/இ நம்மை எப்படி ஏமாற்றும் என்பதன் கிட்டத்தட்ட எல்லா வகையும் இந்த ஒரே பங்கில் வரிசையாக நடந்திருக்கின்றன.

முதலில் ஒரு வேன் கணக்கு

பங்கை விட்டுவிட்டு, நம் ரோட்டில் தினமும் ஓடும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கம்பெனி ஆட்களை ஷிப்டுக்கு ஏற்றி இறக்கும் வேன். ஒருவர் தன் வேனையும் அதற்கான கம்பெனி ஒப்பந்தத்தையும் சேர்த்து 6 லட்சத்துக்கு விற்கிறார் என்று வையுங்கள். டீசல், டிரைவர் சம்பளம், எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் போகப் போன வருஷம் 2 லட்சம் நின்றது என்கிறார். விலை 6, லாபம் 2, பி/இ 3. மூன்றே வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும், அதற்கு மேல் வருவதெல்லாம் லாபம். கேட்கவே நன்றாக இருக்கிறது இல்லையா?

இந்த ஊரில் வேன் ஓட்டிப் பழகிய யாரும் உடனே தலையாட்ட மாட்டார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஒப்பந்தம் இன்னும் எவ்வளவு நாளைக்கு இருக்கு?" பதினெட்டு மாதம்தான் என்றால் கணக்கே மாறிவிடும். பதினெட்டு மாதத்தில் 3 லட்சம் வரும். அதற்குப் பிறகு ஒப்பந்தமில்லாத பழைய வேனை விற்றால் ஒன்றரை லட்சம் வரலாம். மொத்தம் நாலரை லட்சம். கொடுத்ததோ ஆறு. பி/இ 3-க்கு வாங்கியும் ஒன்றரை லட்சம் நஷ்டம்.

விற்றவர் பொய் சொல்லவில்லை. போன வருஷம் 2 லட்சம் நின்றது உண்மைதான். ஆனால் நாம் கொடுக்கும் பணம், இனி வரப்போகும் லாபத்துக்கு. வகுக்கப் பயன்படுத்தியது போன வருஷ லாபம். பி/இ என்ற எண்ணின் மேல்பாகம் இன்றைக்கு உள்ளது, கீழ்பாகம் நேற்றையது. நேற்றும் நாளையும் ஒரே மாதிரி இருக்கும் வரை இந்த எண் நன்றாக வேலை செய்யும். மாறும்போதுதான் பொறியாகிறது. ஆங்கிலத்தில் 'வேல்யூ டிராப்' என்று சொல்வது இதைத்தான். மலிவு மாதிரித் தெரியும், உள்ளே போனால் வெளியே வர வழி இருக்காது.

குறைந்த பி/இ உண்மையில் என்ன சொல்கிறது?

புதிதாகச் சந்தைக்கு வருகிறவர்கள் பி/இ-யைக் கடையில் தொங்கும் தள்ளுபடிப் பலகை மாதிரிப் படிக்கிறார்கள். 20 என்றால் விலை அதிகம், 6 என்றால் ஆடித் தள்ளுபடி. நான் அதை வேறு மாதிரிப் படிப்பேன்: அது சந்தையின் கணிப்பு. இந்த லாபம் வளருமா, நிற்குமா, தேயுமா என்று விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து போட்ட பந்தயம்.

இதை ஒரு சின்னக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். இந்த மாதிரி ஒரு பங்கில் நமக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வருமானம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். லாபம் முழுவதும் நம் கைக்கே வருகிறது, அது ஒவ்வொரு ஆண்டும் ஒரே வேகத்தில் வளர்கிறது அல்லது தேய்கிறது என்று எளிமையாக எடுத்துக்கொண்டால், எந்த பி/இ நியாயமானது என்று பைத்தானில் நாலு வரியில் பார்த்துவிடலாம்.

```
r = 0.12
for g in (0.05, 0, -0.05, -0.10):
    pe = (1 + g) / (r - g)
    print(g, round(pe, 1))
```

லாபம் ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்ந்தால் நியாயமான பி/இ 15. அப்படியே நின்றால் 8.3. ஆண்டுக்கு 5 சதவீதம் தேய்ந்தால் 5.6. பத்து சதவீதம் தேய்ந்தால் 4.1. நிஜக் கம்பெனிகள் இவ்வளவு ஒழுங்காக நடக்காது, அதனால் இந்த எண்களைத் துல்லியமாகப் பிடித்துத் தொங்க வேண்டாம். ஆனால் திசை முக்கியம். ஒரு பங்கு பி/இ 6-ல் கிடக்கிறது என்றால், "இந்த லாபம் இனிமேல் மெதுவாகத் தேயும்" என்று சந்தை நினைக்கிறது. அந்த நினைப்பு தப்பாக இருந்தால்தான் பங்கு மலிவு. சரியாக இருந்தால் 6 நியாய விலை. லாபம் அதைவிட வேகமாகத் தேய்ந்தால், 6 கூட அநியாய விலை.

ஆகக் கேள்வி "பி/இ எவ்வளவு?" இல்லை. "சந்தை பயப்படுகிறதே, அது சரியான பயமா?" என்பதுதான். நோக்கியாவுக்கு வருவோம்.

2008 டிசம்பர்: 11 யூரோ 10 சென்ட்

2007 நோக்கியாவுக்குப் பொற்காலம். உலகில் விற்ற கைபேசிகளில் பத்தில் ஏறக்குறைய நான்கு நோக்கியா. ஆண்டு நிகர லாபம் சுமார் 7.2 பில்லியன் யூரோ. ஒரு பங்குக்கு 1.85 யூரோ. ஆண்டு முடிவில் பங்கு விலை 26.52 யூரோ. பி/இ 14.3. அந்த வளர்ச்சிக்கு அது அதிகமாகத் தெரியாத எண்தான்.

அடுத்த ஆண்டு லேமன் பிரதர்ஸ் விழுந்தது, உலகச் சந்தைகள் எல்லாம் சேர்ந்து விழுந்தன. 2008-ன் கடைசி வர்த்தக நாளில் நோக்கியா பங்கு 11.10 யூரோ. அன்றைக்குக் கையில் இருந்த கடைசி முழு ஆண்டுக் கணக்கு 2007-உடையது. 11.10-ஐ 1.85-ஆல் வகுத்தால் சரியாக 6.

அன்றைய மனநிலையில் யோசித்துப் பாருங்கள். உலகின் முதலிட கைபேசிக் கம்பெனி. ஓர் ஆண்டில் விலை பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. பி/இ 6. டிவிடெண்ட் வேறு. ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகும் ஒருவர் பார்த்தால், மூன்று ஷிப்டும் கம்பெனி பஸ்கள் வரிசையாக உள்ளே போய் வெளியே வருகின்றன. நோக்கியாவை நம்பிச் சுற்றிலும் சார்ஜர், உறை, உதிரிபாகம் செய்யும் கம்பெனிகள் முளைத்திருக்கின்றன. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

லாபத்தில் ஒளிந்திருந்த ஒருமுறை வரவு

முதல் பிழை அந்த 1.85-லேயே இருந்தது. 2007 ஏப்ரலில் நோக்கியாவும் ஜெர்மனியின் சீமென்ஸும் தங்கள் நெட்வொர்க் தொழில்களை இணைத்து நோக்கியா சீமென்ஸ் நெட்வொர்க்ஸ் என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. தன் தொழிலைக் கூட்டு நிறுவனத்துக்குள் கொடுத்து, பதிலுக்கு அதில் பங்கு பெற்றதால், கணக்கியல் விதிப்படி நோக்கியாவின் புத்தகத்தில் சுமார் 1.88 பில்லியன் யூரோ லாபமாக எழுதப்பட்டது. இதில் தவறு ஏதும் இல்லை. அறிக்கையில் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் எந்த வாடிக்கையாளரும் போன் வாங்கிக் கொடுத்த பணம் இல்லை அது. அடுத்த ஆண்டு திரும்ப வராது.

7.2 பில்லியனில் 1.88 என்பது நான்கில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் அதிகம். அதைக் கழித்துவிட்டால் ஒரு பங்குக்கான லாபம் 1.37 யூரோ ஆகிறது. பி/இ 6 இல்லை, 8.1. வேன்காரர் போன வருஷ லாபத்தில் பழைய டயர்களை விற்ற காசையும் சேர்த்துச் சொன்ன மாதிரி.

இன்றைக்கும் ஆப்பில் ஒரு பங்கு திடீரென்று 5, 6 பி/இ-யில் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். நிலம் விற்றிருப்பார்கள், துணை நிறுவனத்தை விற்றிருப்பார்கள், பழைய வழக்கில் வரி திரும்பி வந்திருக்கும். நம் கம்பெனிகளின் காலாண்டு முடிவுகளில் `Exceptional Items` என்று ஒரு வரி இருக்கும். `Other Income` என்று இன்னொன்று. இரண்டும் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தால் அவற்றைக் கழித்துவிட்டு நீங்களே மறுபடி வகுத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. ஆப்பில் தெரியும் பி/இ பெரும்பாலும் கடைசி நான்கு காலாண்டு லாபத்தை அப்படியே கூட்டி வகுப்பது. எது திரும்ப வரும், எது வராது என்று அது பிரித்துப் பார்க்காது.

எண்ணிக்கை ஏறியது, வருமானம் இறங்கியது

சரி, 8.1 கூட மலிவுதானே என்று கேட்கலாம். இரண்டாவது பிழை இன்னும் ஆழமானது. இதைத் தொழிற்சாலை வாசலில் நின்று பார்த்தால் தெரியாது. ஆண்டு அறிக்கையைத் திறந்தால்தான் தெரியும்.

2007-ல் நோக்கியா சுமார் 437 மில்லியன் போன் விற்றது. 2008-ல் 468 மில்லியன். ஏழு சதவீத வளர்ச்சி. ஸ்ரீபெரும்புதூர் பஸ்கள் நிறைந்து ஓடியதற்குக் காரணம் இதுதான். ஆனால் ஒரு போனின் சராசரி விற்பனை விலை 86 யூரோவிலிருந்து 74-க்கு இறங்கியிருந்தது. அதனால் எண்ணிக்கை ஏழு சதவீதம் ஏறியும், போன் பிரிவின் மொத்த வருமானம் ஏழு சதவீதம் இறங்கியது. அந்தப் பிரிவில் நூறு யூரோ விற்பனைக்கு 2007-ல் சுமார் 20 யூரோ இயக்க லாபம் நின்றது. 2008-ல் பதினேழுக்கும் கொஞ்சம் குறைவு.

இந்தச் சராசரி விலை ஏன் இறங்கியது? ஒரு பகுதி, விற்பனை நம்மைப் போன்ற நாடுகளின் விலை குறைந்த போன்களின் பக்கம் சாய்ந்தது. நம் தொழிற்சாலையில் தயாரானவையும் பெரும்பாலும் அந்த அடிப்படை மாடல்கள்தான். இன்னொரு பக்கம், லாபம் கொழுத்த விலை உயர்ந்த போன்களின் மேல்தட்டில் ஆப்பிள் 2007 ஜூனில் ஐபோனுடன் நுழைந்திருந்தது. 2008 அக்டோபரில் முதல் ஆண்ட்ராய்டு போனும் கடைக்கு வந்துவிட்டது. மேல்தட்டுப் போன் ஒன்று கொண்டுவரும் லாபத்துக்கு, கீழ்த்தட்டில் எத்தனையோ போன் விற்க வேண்டும்.

இங்கேதான் தொழிற்சாலை வாசலைப் பார்த்துப் பங்கு வாங்குவதன் ஆபத்து இருக்கிறது. வாசலில் தெரிவது எண்ணிக்கை. பங்குதாரருக்குப் போவது மிச்சம். எண்ணிக்கை ஏறும்போதே மிச்சம் இறங்க முடியும். ஓரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ வேலை பார்க்கும் நண்பர்கள் சிலர், "எங்க கம்பெனியில ஓவர்டைம் ஓடுது, ஷேர் வாங்கலாமா?" என்று கேட்பதுண்டு. ஓவர்டைம் ஓடுவது நல்ல செய்திதான். ஆனால் அது விற்பனை அளவைப் பற்றிய செய்தி, லாபத்தைப் பற்றியதில்லை. சம்பளமும் அதே கம்பெனியிலிருந்து, சேமிப்பும் அதே கம்பெனியின் பங்கில் என்றால், கம்பெனி தும்மும்போது இரண்டுக்கும் சேர்த்து ஜலதோஷம் பிடிக்கும்.

ஆறு ஆண்டுகள், ஒரு அட்டவணை

பிறகு நடந்ததை எண்களாகவே பார்த்துவிடலாம். எல்லாம் யூரோவில். விலை, ஹெல்சிங்கி சந்தையின் ஆண்டு இறுதி விலை.

| ஆண்டு | விலை | ஒரு பங்குக்கான லாபம் | பி/இ |
|---|---|---|---|
| 2007 | 26.52 | 1.85 | 14.3 |
| 2008 | 11.10 | 1.07 | 10.4 |
| 2009 | 8.92 | 0.24 | 37.2 |
| 2010 | 7.74 | 0.50 | 15.5 |
| 2011 | 3.77 | −0.31 | இல்லை |
| 2012 | 2.93 | −0.84 | இல்லை |

2008 வரிசையைக் கவனியுங்கள். டிசம்பர் இறுதியில் பழைய ஆண்டு லாபத்தை வைத்துப் பார்த்தபோது 6. ஒரு மாதம்கூட ஆகவில்லை, 2009 ஜனவரியில் முழு ஆண்டுக் கணக்கு வெளியானதும் அதே 11.10-க்கு பி/இ 10.4. விலை மாறாமலேயே பங்கு 'விலை உயர்ந்ததாக' மாறிவிட்டது, ஏனென்றால் கீழே இருந்த லாபம் உருகிவிட்டது.

2009 இன்னும் வேடிக்கை. விலை மேலும் குறைந்தது, ஆனால் பி/இ 37-க்குப் போனது. அந்த ஆண்டு, கூட்டு நெட்வொர்க் நிறுவனத்தின் மதிப்பில் சுமார் 0.9 பில்லியன் யூரோவைத் தள்ளுபடி செய்து நஷ்டமாக எழுதினார்கள். 2007-ல் லாபத்தை ஊதிக் காட்டிய அதே கூட்டு நிறுவனம், இரண்டு ஆண்டு கழித்து லாபத்தைச் சுருக்கிக் காட்டியது. அதைத் திரும்பக் கூட்டினால் பி/இ 37 இல்லை, 19-க்குக் கொஞ்சம் கீழே. ஒருமுறை வரவு பி/இ-யைக் குறைத்துக் காட்டும், ஒருமுறை செலவு ஏற்றிக் காட்டும். இரண்டையும் சலித்த பிறகும் திசை மாறவில்லை என்பதுதான் முக்கியம்: போன் பிரிவில் நூறு யூரோவுக்கு நின்ற இயக்க லாபம் 2009-ல் சுமார் 12 யூரோதான். போனின் சராசரி விலை 65 யூரோவுக்கும் கீழே போய்விட்டது.

2010 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டிலிருந்து ஸ்டீஃபன் எலாப் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 2011 பிப்ரவரியில் தன் சொந்த மென்பொருளான சிம்பியானைக் கைவிட்டு விண்டோஸ் போனுக்கு மாறுவதாக நோக்கியா அறிவித்தது. மாற்று தயாராவதற்கு முன்பே பழையது சாகப்போகிறது என்று அறிவித்துவிட்டால், பழையதை யார் வாங்குவார்கள்? அந்த ஆண்டே நஷ்டம். நஷ்டம் என்றால் பி/இ என்ற எண்ணே கிடையாது.

2008 இறுதியில் "மலிவு" என்று 100 பங்கு வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதலீடு 1,110 யூரோ. அடுத்த நான்கு ஆண்டுகளில் வந்த டிவிடெண்ட் பங்குக்கு 40, 40, 40, 20 சென்ட்; மொத்தம் 140 யூரோ. 2012 இறுதியில் பங்குகளின் மதிப்பு 293 யூரோ. கூட்டினால் 433. அறுபது சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. "ஆறு ஆண்டில் போட்ட பணத்தைச் சம்பாதித்துவிடும்" என்று பி/இ சொன்ன கம்பெனி, வாங்கியதற்கு அடுத்த நான்கு ஆண்டுகளில் பங்குக்குச் சம்பாதித்த மொத்தம்: 0.24, 0.50, கழித்தல் 0.31, கழித்தல் 0.84. கூட்டினால் 41 சென்ட் நஷ்டம்.

டிவிடெண்டையும் ஒரு நிமிடம் பாருங்கள். 2009-ல் பங்குக்கு 24 சென்ட் சம்பாதித்து, அந்த ஆண்டுக்கு 40 சென்ட் கொடுத்தார்கள். 2011-ல் நஷ்டம், ஆனாலும் 20 சென்ட். 2012-க்கு ஒன்றுமில்லை. சம்பாதிப்பதைவிட அதிகமாகக் கொடுக்கப்படும் டிவிடெண்ட், சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது. பொறிக்குள் வைக்கும் கருவாடு மாதிரி அது. எலிக்கு வாசனை மட்டும்தான் தெரியும்.

எல்லா மலிவும் பொறியா?

இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் பதிவு பாதிதான். 2008 டிசம்பரில் உலகில் ஏகப்பட்ட நல்ல பங்குகள் குறைந்த பி/இ-யில் கிடந்தன. நம் சென்செக்ஸே அந்த ஆண்டுத் தொடக்கத்தில் 21,000-ஐத் தொட்டுவிட்டு, ஆண்டு முடிவில் பத்தாயிரத்துக்கும் கீழே இருந்தது. அடுத்த ஓர் ஆண்டில் 17,000-ஐத் தாண்டியது. அன்றைக்குக் குறைந்த பி/இ-யைக் கண்டு ஓடியவர்கள் நல்ல வாய்ப்பை விட்டார்கள். ஆகக் குறைந்த எண் மட்டுமே எச்சரிக்கை ஆகிவிடாது.

வேறுபாடு, லாபம் ஏன் குறைகிறது என்பதில் இருக்கிறது. மந்தத்தில் ஒருவர் கார் வாங்குவதைத் தள்ளிப்போடுகிறார். இரண்டு ஆண்டு கழித்து வாங்குவார். அந்த லாபம் ஒத்திப்போன லாபம், திரும்பும். ஆனால் விசைப்பலகை போனிலிருந்து தொடுதிரைக்குப் போனவர் பொருளாதாரம் சரியானதும் பழைய போனுக்குத் திரும்பமாட்டார். அது போன லாபம். பி/இ-க்கு இரண்டும் ஒன்றுதான், வித்தியாசம் தெரியாது.

இன்னொரு வகையும் உண்டு. சர்க்கரை, ஸ்டீல், பேப்பர் மாதிரி விலை சுழற்சியில் ஏறி இறங்கும் தொழில்கள். இவற்றில் பொருள் விலை உச்சத்தில் இருக்கும்போது லாபம் ஊதிப்போய், பி/இ மிகக் குறைவாகத் தெரியும். அதுதான் வாங்கக் கூடாத நேரம். விலை அடிமட்டத்தில் இருக்கும்போது லாபம் காய்ந்துபோய், பி/இ பயங்கரமாகத் தெரியும். இங்கே ஒரே ஆண்டு லாபத்தை நம்பாமல், ஒரு முழுச் சுற்று, ஏழெட்டு ஆண்டுகளின் சராசரி லாபத்தால் வகுத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

தொழிற்சாலைக்கு என்ன ஆனது?

பங்கு விழுந்ததால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை மூடியது என்று ஒரே வரியில் முடிப்பது சரியில்லை. 2013 ஜனவரியில் வருமான வரித்துறை சோதனை நடத்தி, பின்லாந்து தாய் நிறுவனத்துக்கு மென்பொருளுக்காகச் செலுத்திய தொகை தொடர்பாகச் சுமார் 2,000 கோடி ரூபாய் வரி கேட்டது. அந்த வழக்கில் சொத்துகள் முடக்கப்பட்டதால், 2014 ஏப்ரலில் போன் தொழில் மைக்ரோசாஃப்டிடம் கைமாறியபோது இந்த ஆலை மட்டும் பின்தங்கிப்போனது. பின்னர் மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த உற்பத்தி ஆர்டரும் நின்றது. நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் வேலை பார்த்த இடம். அதில் பெண்கள் பெரும்பங்கு. பல ஆயிரம் பேர் விருப்ப ஓய்வுத் தொகையை வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். 2008-ல் அவர்கள் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்த வரிசைகளில் குறை ஒன்றும் இல்லை. குறை இருந்தது, அந்தப் போன்கள் விற்ற விலையில்.

அந்த மாதிரித் தொகை கையில் வரும்போதுதான் இந்தப் பதிவின் கணக்கு நிஜமாகிறது. மொத்தமாகப் பணம் வைத்திருப்பவரிடம் "பி/இ 6, அடிமாட்டு விலை" என்று யாராவது சொல்வார்கள். அப்போது மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன். ஒன்று, லாபத்தில் திரும்ப வராத வரவு எவ்வளவு, அதைக் கழித்தால் பி/இ எவ்வளவு. இரண்டு, ஐந்து ஆண்டுகளை வரிசையாக வைத்து, விற்பனையும் நூறு ரூபாய்க்கு நிற்கும் மிச்சமும் எந்தப் பக்கம் போகின்றன. மூன்று, வாடிக்கையாளர் வாங்குவதைத் தள்ளிப்போடுகிறாரா, அல்லது வேறு பொருளுக்குப் போய்விட்டாரா. முதல் இரண்டுக்கும் விடை ஆண்டு அறிக்கையில் இருக்கிறது. மூன்றாவதற்கு, நாமும் நம்மைச் சுற்றி இருப்பவர்களும் என்ன வாங்குகிறோம் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கடைசியாக ஒன்று. 2012 இறுதியில் 2.93 யூரோவுக்குக் கிடந்த நோக்கியா பங்கு, 2014 இறுதியில் 6.56-க்குப் போனது, இரண்டு மடங்குக்கு மேல். போன் தொழிலை விற்றுவிட்டு, சீமென்ஸின் பங்கையும் வாங்கிக்கொண்டு, நெட்வொர்க் கம்பெனியாக மாறியிருந்தது. பி/இ 6 என்று அழைத்தபோது வாங்கியவர் பணத்தை இழந்தார். பி/இ என்ற எண்ணே இல்லாமல் கிடந்தபோது வாங்கியவருக்குப் பணம் பெருகியது. இரண்டு முறையும் விடை அந்த வகுத்தலில் இல்லை. அடுத்த லாபம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியில்தான் இருந்தது.